வேலை கேட்டு எழுதும் மெயிலில் புன்னகைக்கு எப்போது இடம்?

"ஹாய் சார்!!! உங்கள் கம்பெனி விளம்பரம் பார்த்தேன், ரொம்பப் பிடித்திருந்தது!!! ரெஸ்யூமே அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் பாருங்களேன் :-)"

திருப்பூரில் பனியன் துணிகளை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு, மெர்ச்சண்டைசர் வேலை கேட்டு, கோவையில் படிப்பை முடித்த ஒரு பெண் இப்படி மெயில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இத்தகைய மெயில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் தந்திருக்கிறோம். அந்தப் பெண்ணுக்குத் துணி ரகங்கள் தெரியும். ஒரு சட்டைக்கு நூல் முதல் பேக்கிங் வரை என்ன செலவாகும் என்று கணக்குப் போடத் தெரியும். இரண்டு மாதம் தொழிற்சாலையில் பயிற்சியும் எடுத்திருக்கிறார். ஆனால் மெயிலைத் திறக்கும் எச்.ஆர். மேலாளருக்கு இது எதுவும் இன்னும் தெரியாது. அவர் கண்ணில் முதலில் படுவது ஆறு ஆச்சரியக்குறிகளும் ஒரு சிரிப்பும்தான்.

இந்த வேலைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மெர்ச்சண்டைசரின் நாளில் பெரும்பகுதி வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதுவதிலேயே போகும். சாம்பிள் எப்போது வரும், சாயத்தின் நிறம் ஒத்துப்போகிறதா, சரக்கு எந்தக் கப்பலில் ஏறும் என்று எல்லாமே எழுத்தில்தான் நடக்கும். எனவே வேலை கேட்டு வரும் மெயிலை, செய்யப்போகும் வேலையின் மாதிரியாகவே மேலாளர் படிக்கிறார். நாளை ஐரோப்பாவிலுள்ள பையருக்கும் இவர் இப்படித்தான் எழுதுவாரோ என்ற கேள்வி ரெஸ்யூமேவைத் திறக்கும் முன்பே அவர் மனத்தில் எழுந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணின் நோக்கத்தில் பிழையில்லை. ஆர்வத்தைக் காட்ட நினைத்தார், அன்பாகப் பேச நினைத்தார். அந்த ஆர்வமும் அன்பும் எழுத்து வழியே போய்ச் சேருமா என்பதைப் பற்றி உளவியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

எழுதுபவர் காதில் மட்டும் கேட்கும் குரல்

அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. மாணவர்களிடம் சில வாக்கியங்களைக் கொடுத்தார்கள். சில உண்மையாகச் சொல்பவை, சில கிண்டலாகச் சொல்பவை. ஒரு தரப்பினர் அவற்றை மின்னஞ்சலில் அனுப்பினார்கள், இன்னொரு தரப்பினர் குரலில் பதிவு செய்து தந்தார்கள். பெறுபவர்கள் எது கிண்டல், எது நிஜம் என்று சொல்ல வேண்டும். மின்னஞ்சல் அனுப்பியவர்கள், நூற்றுக்கு ஏறக்குறைய 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினார்கள். உண்மையில் 56 தடவைதான் சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வந்துவிடும். குரலைக் கேட்டவர்களோ எழுபதுக்கு மேல் சரியாகச் சொன்னார்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. எழுதும்போது நம் குரல் நம் மனத்துக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் எழுத்தோடு போவதில்லை. ஆனால் போய்விட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது. கிண்டலை எழுதியவர் மனத்துக்குள் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார். படிப்பவருக்குக் கிடைப்பது வெறும் சொற்கள்.

குரல் தொலைந்த இடத்தில் என்ன நிரம்புகிறது? நிறுவன நடத்தை ஆய்வாளர் கிறிஸ்டின் பைரன் 2008இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மகிழ்ச்சியோடு எழுதியது படிப்பவருக்குச் சாதாரணமாகத் தெரியும். சாதாரணமாக எழுதியது கடுப்பாகத் தெரியும். அதாவது, மின்னஞ்சலில் எழுத்தின் வெப்பம் போகிற வழியில் ஒரு படி இறங்கிவிடுகிறது. "உங்கள் மெயில் கிடைத்தது." என்று மட்டும் எழுதினால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் ஏதோ கோபமா என்று யோசிக்கத் தொடங்குகிறார். அந்த ஒரு படியை ஈடுகட்டத்தான் பலரும் ஆச்சரியக்குறியையும் இமோஜியையும் தேடுகிறார்கள். தேவை உண்மையானதுதான். அந்தத் தேவைக்கு எந்தக் கட்டத்தில் எதைப் பயன்படுத்துவது என்பதில்தான் தவறு நேர்கிறது.

முகம் தெரியாதவருக்கு ஒரு சிரிப்பு

நேரில் சிரித்துக்கொண்டே அறைக்குள் வருபவரை நமக்குப் பிடித்துவிடுகிறது. எழுத்தில் போடும் சிரிப்பும் அதே வேலையைச் செய்யுமா என்று எல்லா கிளிக்சன், அரிக் செஷின், கெர்பன் வான் கிளீஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 29 நாடுகளைச் சேர்ந்த 549 பேர் அதில் கலந்துகொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வேலை தொடர்பாக அனுப்பிய மெயிலைப் படித்துவிட்டு, அவர் எப்படிப்பட்டவர் என்று அவர்கள் மதிப்பிட வேண்டும். சிலருக்கு வந்த மெயிலில் சிரிப்புக்குறி இருந்தது, சிலருக்கு வந்ததில் இல்லை.

2017இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. சிரிப்புக்குறி அனுப்பியவரை அன்பானவராகக் காட்டவில்லை. திறமை குறைந்தவராகத்தான் காட்டியது. சிரிக்கும் புகைப்படத்தைப் பார்த்தவர்கள், அந்த மனிதரை அன்பானவராகவும் திறமையானவராகவும் மதிப்பிட்டார்கள். எழுத்துச் சிரிப்புக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த மெயிலுக்குப் பதில் எழுதச் சொன்னபோது இன்னொன்றும் தெரிந்தது. சிரிப்புக்குறி இல்லாத மெயிலுக்கு மக்கள் விரிவாகப் பதில் எழுதினார்கள். சிரிப்புக்குறி இருந்த மெயிலுக்குத் தகவல் குறைவான பதிலே வந்தது. வேலை தேடுபவருக்கு இது நேரடியான இழப்பு. சம்பளம், பணி நேரம், அடுத்த கட்டம் என்று நாம் கேட்ட கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் சுருங்கிவிடுகிறது.

அதே ஆய்வு இதன் எல்லையையும் காட்டியது. முறைசாராத சூழலில் அதே சிரிப்புக்குறி எந்தக் கெடுதலும் செய்யவில்லை. இது முக்கியமான வேறுபாடு. தீங்கு குறியில் இல்லை. அறிமுகமே இல்லாத ஒருவரிடம், அலுவல் விஷயத்தில், முதல் அடியிலேயே நெருக்கத்தை எடுத்துக்கொள்வதுதான் உறுத்துகிறது.

முதல் மெயிலில் இமோஜியைத் தவிர்க்க, கணினி தரும் காரணமும் உண்டு. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மென்பொருளில் பலரும் ஆண்டுக்கணக்கில் ஒரு விநோதத்தைப் பார்த்திருக்கிறார்கள். வாக்கியத்தின் முடிவில் சம்பந்தமே இல்லாமல் J என்ற எழுத்து நிற்கும். எழுதியவர் :) என்று தட்டியிருப்பார். அவுட்லுக் அதைத் தானாகவே விங்டிங்ஸ் என்ற படஎழுத்துருவிலுள்ள சிரித்த முகமாக மாற்றிவிடும். அந்த எழுத்துருவில் சிரித்த முகம் இருக்கும் இடம் J. பெறுபவரின் மென்பொருள் அந்த எழுத்துருவைக் காட்டாவிட்டால், சிரிப்புப் போய் J மட்டும் மிஞ்சும்.

இமோஜியும் இதே வகைதான். ஒவ்வொரு இமோஜிக்கும் உலகப் பொதுவான ஓர் எண் உண்டு. ஆனால் அந்த எண்ணுக்குரிய படத்தை ஆப்பிள், கூகுள், சாம்சங், மைக்ரோசாஃப்ட் எல்லாம் தனித்தனியாக வரைந்துகொள்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்தார்கள். கண்கள் சிரிக்கும் பல்லிளிப்பு முகம் ஒன்று, அப்போதைய ஆப்பிள் வடிவத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் போலப் பலருக்குத் தெரிந்தது. மற்ற நிறுவனங்களின் வடிவத்தில் மகிழ்ச்சியாகத் தெரிந்தது. ஒரே படத்தைக் காட்டியபோதுகூட, அது நல்ல உணர்வா, கெட்ட உணர்வா, இரண்டும் இல்லையா என்பதில் நான்கில் ஒரு தடவை இருவருக்கிடையே கருத்து வேறுபட்டது.

நம் அலுவலகங்களில் இன்னொன்றும் நடக்கும். எச்.ஆர். மேலாளர் அந்த மெயிலைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. உற்பத்திப் பிரிவுத் தலைவருக்கு ஃபார்வர்ட் செய்வார், முதலாளியின் மேசைக்குப் பிரின்ட் எடுத்து அனுப்புவார். யாருக்காகச் சிரித்தோமோ அவரைத் தாண்டி, நாம் அறியாத நான்கு பேர் அந்தச் சிரிப்பைக் கறுப்பு வெள்ளைத் தாளில் பார்க்கிறார்கள்.

ஆச்சரியக்குறி எங்கே நிற்கலாம்

ஆச்சரியக்குறி இமோஜி அளவுக்கு ஆபத்தானதல்ல. கரோல் வசெலெஸ்கி என்ற ஆய்வாளர் 2006இல், தொழில்முறைக் குழுக்களில் நடந்த மின் உரையாடல்களிலிருந்து ஆச்சரியக்குறிகளைச் சேகரித்து ஆராய்ந்தார். பெண்கள்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். அவை உணர்ச்சிவசப்படுதலின் அடையாளம் என்று முன்பெல்லாம் சொல்லிவந்தார்கள். ஆனால் அந்த மெயில்களில் அவை பெரும்பாலும் நட்பைக் காட்டவும், ஒரு தகவலை அழுத்திச் சொல்லவும்தான் பயன்பட்டிருந்தன. நன்றிக்குப் பின்னால் வரும் ஒரு ஆச்சரியக்குறி, பைரன் சொன்ன அந்த இழந்த ஒரு படி வெப்பத்தை மீட்டுத் தருகிறது.

சிக்கல் எண்ணிக்கையிலும் இடத்திலும் இருக்கிறது. "நேர்முகத்துக்கு அழைத்ததற்கு நன்றி!" என்பது இயல்பானது. "வியாழக்கிழமை 10 மணிக்கு வருகிறேன்!" என்பதைக்கூட ஏற்கலாம். "என் சம்பள எதிர்பார்ப்பு 25,000!" என்று எழுதினால் அது கோரிக்கையா, கட்டளையா, ஏலமா என்று தெரியாமல் போகிறது. "இன்னும் பதில் வரவில்லை!" என்பதோ அதட்டலாகவே ஒலிக்கும். நன்றி, வாழ்த்து, மகிழ்ச்சி ஆகிய மூன்றுக்கு வெளியே ஆச்சரியக்குறி கால் வைத்தால், அது நட்பை விட்டு அழுத்தமாக மாறிவிடுகிறது. ஒரு மெயிலுக்கு ஒன்று போதும். இரண்டாவதைப் போட்டவுடன் முதலாவதின் மதிப்புக் குறைகிறது.

தமிழில் படித்து வளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "ஐயா!", "தோழர்களே!" என்று விளிக்கும்போது ஆச்சரியக்குறி இடுவது நம் எழுத்து மரபு. அதில் மரியாதை உண்டு, குரலை உயர்த்தும் எண்ணம் இல்லை. அதே கைப்பழக்கத்தில் ஆங்கில மெயிலின் தொடக்கத்தில் "டியர் சார்" என்பதன் பின்னால் ஆச்சரியக்குறி போட்டால், ஆங்கில வழக்கத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது கூப்பாடாகத் தெரிகிறது. அங்கே ஒரு காற்புள்ளி போதும்.

வாட்ஸ்அப்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. இன்று பல நிறுவனங்களில் எச்.ஆர். பிரிவினர் வேலை தேடுபவரோடு வாட்ஸ்அப்பிலும் பேசுகிறார்கள், மெயிலிலும் பேசுகிறார்கள். காலையில் "ஓகே மேம்" என்று கட்டைவிரலோடு அனுப்பிய அதே கை, மாலையில் மெயிலைத் திறக்கிறது. அங்கே இருந்த தொனி அப்படியே இங்கே வந்துவிடுகிறது. மெயில் கோப்பில் தங்கும். பல மாதம் கழித்தும் யாராவது தேடி எடுப்பார்கள். இரண்டுக்கும் ஒரே நடை பொருந்தாது.

அதே பெண், திருத்திய மெயில்

மீண்டும் அந்தக் கோவைப் பெண்ணிடம் வருவோம். முதல் மெயிலை அவர் இப்படி மாற்றி எழுதலாம்:

"வணக்கம் சார், உங்கள் நிறுவனத்தில் ஜூனியர் மெர்ச்சண்டைசர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். குழந்தைகள் ஆடை ஆர்டர் ஒன்றில், சாம்பிள் ஒப்புதல் முதல் சரக்கு அனுப்பும் வரை இரண்டு மாதம் பயிற்சியாளராகப் பணியாற்றினேன். காஸ்டிங் ஷீட் தயாரிக்கத் தெரியும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன். உங்கள் வசதிப்படி எந்த நாளும் நேரில் வர இயலும். நேரம் ஒதுக்கிப் படித்தமைக்கு நன்றி."

இதில் ஒரு குறிகூட இல்லை. ஆனாலும் மெயில் வறண்டதாகத் தெரியவில்லை. காரணம், அவர் என்ன செய்தார் என்பது தெளிவாக இருக்கிறது, படிப்பவரின் நேரத்தை மதிக்கிறார் என்பதும் தெரிகிறது. முதல் மெயிலுக்குத் தேவையான கனிவு இவ்வளவுதான். அது சொற்களிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

மேலாளர் பதில் எழுதுகிறார்: "உங்கள் விவரம் கிடைத்தது. புதன் 11 மணிக்கு வாருங்கள். எங்கள் ஊர் வெயிலுக்குத் தயாராக வாருங்கள்! :)" இப்போது கதவு திறந்திருக்கிறது. திறந்தவர் அவர். இனி அந்தப் பெண் சற்று இளகிப் பேசலாம். எவ்வளவு இளகலாம் என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. எதிர்ப்பக்கம் காட்டிய இளக்கத்தைவிட ஒரு படி குறைவாக நிற்பது. அவர் சிரிப்புக்குறி போட்டிருந்தால், பதிலில் ஒரு ஆச்சரியக்குறி போதும்: "புதன் 11 மணிக்கு வந்துவிடுகிறேன். குடையும் எடுத்து வருகிறேன், நன்றி!" அவர் கிண்டலைக் கண்டுகொண்டதாகவும் ஆயிற்று, அதை மிஞ்சாமலும் ஆயிற்று. சில மெயில்கள் கைமாறி, அவர் தொடர்ந்து இமோஜியோடு எழுதுபவர் என்று தெரிந்தபின், ஒரு எளிய சிரித்த முகம் போடுவதில் தவறில்லை. எதிர்ப்பக்கம் கடைசிவரை முறையாகவே எழுதினால், நாமும் முறையாகவே முடிக்க வேண்டும்.

துறைக்குத் துறை இது மாறும். விளம்பர நிறுவனமோ விளையாட்டு மென்பொருள் செய்யும் சிறு நிறுவனமோ தன் வேலை விளம்பரத்தையே இமோஜியோடு போடுவதுண்டு. அங்கே முதல் மெயிலிலேயே சற்று விளையாட்டாக எழுதுவது பொருந்தும். கதவை அவர்களே விளம்பரத்தில் திறந்துவிட்டார்கள். வங்கி, தணிக்கை அலுவலகம், மருத்துவமனை, அரசுத் துறை ஆகியவற்றில் அப்படிப்பட்ட அழைப்பு அனேகமாக வராது. விளம்பரத்தின் மொழியை ஒரு முறை நிதானமாகப் படித்தாலே இது தெரிந்துவிடும்.

நகைச்சுவை: கிடைத்தால் லாபம், தவறினால் பெரும் நட்டம்

மூன்றிலும் வலிமையானது நகைச்சுவைதான். பிராட் பிட்டர்லி, ஆலிசன் வுட் புரூக்ஸ், மாரிஸ் ஷ்வைட்சர் மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சுவிட்சர்லாந்துச் சுற்றுலாவைப் பற்றி இருவர் சொன்ன கருத்துகளைச் சிலரிடம் காட்டினார்கள். இருவரும் அங்குள்ள மலைகளைப் புகழ்கிறார்கள். அதில் ஒருவருடைய கருத்தின் ஒரு வடிவத்தில் மட்டும், அந்நாட்டுக் கொடி ஒரு பெரிய 'பிளஸ்' என்ற சிலேடை சேர்ந்திருந்தது. சுவிஸ் கொடியில் இருப்பது வெள்ளைக் கூட்டல் குறி. அந்த ஒற்றை வரியைச் சொன்னவரைக் கேட்டவர்கள் தன்னம்பிக்கை மிக்கவராகவும் திறமையானவராகவும் மதித்தார்கள்.

அதே ஆய்வாளர்கள் மறுபக்கத்தையும் சோதித்தார்கள். சிரிப்பு வராத, ஆனால் யாரையும் உறுத்தாத ஜோக் சொன்னவர், துணிச்சலானவர் என்ற பெயரையாவது பெற்றார். இடம் பொருந்தாத ஜோக் சொன்னவரோ தன் மதிப்பை இழந்தார். திறமை குறைந்தவர் என்ற எண்ணம் உருவாயிற்று. நேரில் என்றால், கேட்பவர்கள் முகத்தைப் பார்த்துச் சமாளிக்கச் சிறிதாவது வழியுண்டு. மெயிலில் அதுவும் இல்லை. நேரில் ஜோக் எடுபடவில்லை என்றால் உடனே பேச்சை மாற்றலாம். அனுப்பிய மெயிலைத் திருத்த முடியாது.

மின்னஞ்சலில் நகைச்சுவை எடுபடாது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. டெர்ரி கர்ட்ஸ்பெர்க்கும் சக ஆய்வாளர்களும் 2009இல், மின்னஞ்சல் வழியே பேரம் பேசுபவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பேரத்தைத் தொடங்கும் முன் டில்பர்ட் என்ற அலுவலகக் கேலிச்சித்திரத்தைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கிடையே நம்பிக்கையும் மனநிறைவும் கூடின. அந்தச் சித்திரம் இருவருக்கும் பொதுவான அலுவலக வாழ்க்கையைப் பார்த்துச் சிரித்தது. எதிரில் இருப்பவரையோ பேரத் தொகையையோ தொடவில்லை.

வேலை மெயிலிலும் இதுதான் வழிகாட்டி. நேர்முகத்தின் நடுவே கரன்ட் போய், மேலாளர் செல்போன் வெளிச்சத்தில் ரெஸ்யூமேவைப் படித்து, அதற்கு எல்லோரும் சிரித்திருந்தால், நன்றி மெயிலில் அதை ஒரு வரியில் நினைவுபடுத்தலாம்: "என் ரெஸ்யூமேவை டார்ச் வெளிச்சத்தில் படித்த பொறுமைக்குத் தனி நன்றி!" இருவரும் சேர்ந்து ஏற்கெனவே சிரித்த ஒன்று என்பதால் அது தவறாகப் புரியாது. நிறையப் பேரைப் பார்த்த மேலாளருக்கு, எந்த முகம் இது என்ற நினைவையும் மீட்டுத் தரும்.

சம்பளத்தை வைத்து ஜோக் அடிப்பது, பழைய நிறுவனத்தைக் கிண்டல் செய்வது, தன் குறையையே கேலியாக்குவது ஆகியவை வேறு வகை. "கணக்கில் நான் கொஞ்சம் வீக், ஆனால் ஜோக்கில் ஸ்ட்ராங்" என்ற வரியில் மேலாளர் எடுத்துக்கொள்ளும் தகவல் முதல் பாதி மட்டுமே. கிண்டல் தொனியோ, க்ரூகர் ஆய்வு காட்டியபடி, பாதிக்குப் பாதி நேரடிப் பொருளிலேயே போய்ச் சேரும்.

நினைவூட்டும் மெயிலும் கசப்பான செய்தியும்

நேர்முகம் முடிந்து பத்து நாளாகிறது, பதில் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் சிரிப்புக்குறியைக் கவசமாக எடுக்கிறார்கள்: "சும்மா நினைவூட்டலாம் என்று எழுதினேன் :)" எழுதுபவருக்கு அது கூச்சத்தைக் குறைக்கிறது. படிப்பவருக்கோ, சிரிப்புக்குப் பின்னால் ஒரு முறைப்பு இருப்பதாகத் தோன்ற இடமுண்டு. கேட்பதற்கான காரணத்தை நேராகச் சொன்னால் கூச்சத்துக்கே இடமில்லை: "12ஆம் தேதி நடந்த நேர்முகம் தொடர்பாக எழுதுகிறேன். முடிவு எப்போது தெரியும் என்று சொன்னால், என் பயண ஏற்பாட்டைச் செய்துகொள்ள உதவியாக இருக்கும். கூடுதல் விவரம் தேவையெனில் அனுப்புகிறேன்."

இந்தப் பொறுப்பு வேலை தருபவருக்கும் உண்டு. "இந்த முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை :)" என்று அனுப்பும் எச்.ஆர். அலுவலர் ஆறுதல் சொல்வதாகவே நினைத்திருப்பார். மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கு அது ஏளனமாகப் படும். நிராகரிப்பு, சம்பளக் குறைப்பு, தேதி தள்ளிப்போவது, தன் பக்கத் தவறுக்கு மன்னிப்பு ஆகிய நான்கிலும் எந்தக் குறியும் வேண்டாம். "நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி, உங்கள் காஸ்டிங் அறிவு எங்களைக் கவர்ந்தது, இந்தப் பணிக்கு ஏற்றுமதி அனுபவம் கூடுதலாக உள்ளவரைத் தேர்ந்தெடுத்தோம்" என்ற வாக்கியம் எந்த இமோஜியையும்விட மனிதத்தன்மையோடு இருக்கிறது.

கட்டைவிரலின் விலை

ஒருவழியாக அந்தப் பெண்ணுக்கு ஆஃபர் லெட்டர் வருகிறது. மகிழ்ச்சியில் ஒரு கட்டைவிரல் இமோஜியை அனுப்பிவிடத் தோன்றும். இன்று அவுட்லுக்கிலும் ஜிமெயிலிலும் பதில் எழுதாமலேயே மெயிலின் மீது ஒரு குறியை அழுத்தும் வசதியும் இருக்கிறது. அங்கே நிதானம் தேவை.

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் 2021 மார்ச் மாதம், தானியக் கொள்முதல் நிறுவனம் ஒன்று 87 டன் ஆளிவிதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயியின் செல்போனுக்கு அனுப்பி, உறுதி செய்யுமாறு கேட்டது. அவர் கட்டைவிரல் இமோஜியை அனுப்பினார். நவம்பரில் விதை வந்து சேரவில்லை. அதற்குள் விலை வெகுவாக ஏறியிருந்தது. ஒப்பந்தம் கிடைத்தது என்று சொல்லத்தான் கட்டைவிரலை அனுப்பினேன், ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை என்றார் விவசாயி. முன்பும் இதே நிறுவனத்தோடு ஓரிரு சொல் பதிலிலேயே அவர் ஒப்பந்தங்களை முடித்திருந்ததைக் கவனித்த நீதிமன்றம், அந்தக் கட்டைவிரல் ஒப்புதலே என்று 2023இல் தீர்ப்பளித்தது. இழப்பீடு 82,000 கனடிய டாலருக்கு மேல். மேல்முறையீட்டிலும் 2024இல் அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் அதே குறிக்கு வேறு பொருள் கிடைத்தது. மேகாலயாவில் 2018இல் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். அது தொடர்பாக வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திக்குக் கட்டைவிரல் காட்டிய காவலர், கொலையைக் கொண்டாடியதாகக் கூறிப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்தக் குறி 'சரி, பார்த்துவிட்டேன்' என்பதாகவும் இருக்கலாம், கொண்டாட்டம் என்று கொள்ள முடியாது என்று நீதிபதிகள் கூறி, அவரை மீண்டும் பணியில் சேர்க்கும் உத்தரவை உறுதி செய்தார்கள். ஒரே கட்டைவிரல் ஓரிடத்தில் ஒப்பந்தம், இன்னோரிடத்தில் வெறும் ரசீது. இரண்டிலும் பொருளை முடிவு செய்தது நீதிமன்றம்தான். அனுப்பியவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் மின்னஞ்சல் வழி ஒப்பந்தம் செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அதை ஏற்கிறது. பாக்சைட் கொள்முதல் தொடர்பான டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில், மின்னஞ்சலில் தந்த ஒப்புதலையே முடிந்த ஒப்பந்தமாக உச்ச நீதிமன்றம் 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஆஃபர் லெட்டருக்கு எழுதும் பதில் விளையாட்டல்ல. சம்பளத்தைப் பற்றி இன்னும் பேச நினைப்பவர் அனுப்பும் கட்டைவிரல், பேச்சு முடிந்துவிட்டதாகப் படிக்கப்படலாம். சேர விரும்புபவர் அனுப்பும் கட்டைவிரலை, மெயில் கிடைத்ததற்கான அடையாளம் என்று மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டு வேறொருவரை அழைக்கவும் கூடும்.

எனவே அந்த நாளில் கட்டைவிரலை விட்டுவிட்டு, பதவியின் பெயர், மாதச் சம்பளம், சேரும் தேதி ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, ஏற்கிறேன் என்றோ, இன்ன விஷயத்தில் விளக்கம் தேவை என்றோ சொற்களில் எழுதுங்கள். முடிவில் "மிக்க நன்றி!" என்று ஒரு ஆச்சரியக்குறி போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு அதுதான் சரியான இடம்.